பேசியதைப் பிரித்து எழுதுவோம்: ஸ்பிரிண்ட் ரெட்ரோ பாடம்

இந்த மாதம் இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர்களுக்கும், இன்டர்ன்ஷிப்பில் முதல் முறையாக ஸ்க்ரம் குழுவில் உட்காரப் போகிறவர்களுக்கும் ஒரு பாடம். ஸ்பிரிண்ட் முடிந்ததும் குழு கூடிப் பேசுமே, ரெட்ரோஸ்பெக்டிவ், சுருக்கமா ரெட்ரோ, அதில் குறிப்பு எழுதும் வேலை பெரும்பாலும் ஜூனியர் தலையில்தான் விழும். பேசிய எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நல்லா போனது, வலித்தது, யார் என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார்கள் என்பது. கேட்க சுலபமா இருக்கும். மூன்றாவதுதான் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஸ்க்ரம் முறைக்கு அடிப்படை விதிகள் ஸ்க்ரம் கைடு என்ற சிறிய ஆவணத்தில் இருக்கின்றன. எழுதியவர்கள் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும். இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 பதிப்பு. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு ரெட்ரோ அதிகபட்சம் 3 மணி நேரம், ஸ்பிரிண்ட் குறுகினால் நேரமும் குறையும் என்கிறது அது. நம்மைப் போல் இரண்டு வாரம் ஓட்டுபவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தின் பலன், அதிகம் உதவக்கூடிய மாற்றங்கள் எவை என்று குழு கண்டுபிடிப்பது. அந்த மாற்றங்களை அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலிலேயே சேர்க்கலாம். அதனால் நம் குறிப்பு தப்பாக இருந்தால் அடுத்த இரண்டு வாரமும் தப்பான வேலை நடக்கும்.

உதாரணக் குழு

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக விடுதியில் சலவை இயந்திரத்தை முன்பதிவு செய்ய ஒரு செயலி செய்கிறார்கள். பெயருக்குப் பதிலாக வேலையை வைத்தே அவர்களைக் கூப்பிடுவோம்: சர்வர்காரர், திரைக்காரர், டெஸ்ட்காரர், டிசைன்காரர், ஒருங்கிணைப்பாளர். மூன்றாவது ஸ்பிரிண்ட் வெள்ளிக்கிழமை காலை டெமோவோடு முடிந்தது. அன்று மாலை ரெட்ரோ. பேச்சு இப்படிப் போனது:

1. திரைக்காரர்: "முன்பதிவுப் பக்கம் ஒரு வழியா முடிஞ்சுது."
2. டெஸ்ட்காரர்: "முடிஞ்சுதுதான். ஆனா எனக்கு டெஸ்ட் பண்ண வியாழன் ராத்திரிதான் கெடைச்சுது."
3. சர்வர்காரர்: "என் புல் ரிக்வெஸ்ட்டை நாலு நாள் யாரும் பார்க்கலையே."
4. டிசைன்காரர்: "நாலு நாளா? நாலு யுகம்!"
5. திரைக்காரர்: "நீ 900 வரியை ஒரே தடவையில போட்டா யார் பார்ப்பா?"
6. சர்வர்காரர்: "நாம ரிவ்யூவை சீக்கிரம் பண்ணனும்."
7. டெஸ்ட்காரர்: "ஆமா, ஆமா."
8. டிசைன்காரர்: "முதல் திங்கட்கிழமை எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து டிசைன் பார்த்தோமே, அது நல்லா இருந்துச்சு. அப்புறம் எந்தப் பக்கத்தையும் மாத்தி வரைய வேண்டியதா இல்ல."
9. ஒருங்கிணைப்பாளர்: "போன ரெட்ரோவுல டெஸ்ட் டேட்டா ஃபைல் செய்வோம்னு சொன்னோமே, அது என்னாச்சு?" (யாரும் பதில் சொல்லவில்லை.)
10. டெஸ்ட்காரர்: "அது இல்லாததாலதான் ஒவ்வொரு தடவையும் கையால 20 பதிவு போட்டேன்."
11. சர்வர்காரர்: "கேம்பஸ் வைஃபை வேற ரெண்டு நாள் படுத்துக்கிச்சு."
12. டிசைன்காரர்: "டார்க் மோட் வெச்சா நல்லா இருக்கும்ல?"
13. சர்வர்காரர்: "சரி, ரிவ்யூவுக்கு வருவோம். 300 வரிக்கு மேல போனா நான் பிரிச்சுப் போட்டுடறேன்."
14. திரைக்காரர்: "அப்படின்னா வந்த ஒரு வேலை நாளுக்குள்ள நான் பார்த்துடறேன்."
15. திரைக்காரர்: "என் பக்கத்தையும் ரெண்டாவது வாரம் புதன் ராத்திரிக்குள்ள முடிச்சுக் கொடுத்துடறேன். வியாழன் முழுசா டெஸ்ட்டுக்கு."
16. டெஸ்ட்காரர்: "அது போதும்."

முதல் கேள்வி: நடந்ததா, நடக்க வேண்டியதா?

ஒவ்வொரு வரியிடமும் முதலில் இதைக் கேளுங்கள். நடந்து முடிந்ததைச் சொன்னால் அது "நல்லா போனது" அல்லது "வலித்தது" பக்கம் போகும். இனிமேல் நடக்க வேண்டியதைச் சொன்னால் அது இப்போதைக்கு ஒரு யோசனை மட்டும்தான். அதை உடனே மூன்றாவது பட்டியலில் போடாதீங்க, இன்னொரு சோதனை இருக்கிறது.

இந்தக் கணக்கில் 1, 2, 3, 5, 8, 10, 11 நடந்தவை. 6, 12, 13, 14, 15 நடக்க வேண்டியவை. 4, 7, 16 மற்றவர் பேச்சுக்குப் பதில்கள். 9 ஒரு கேள்வி. கேள்வியைத் தள்ளிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க, இந்தப் பேச்சிலேயே முக்கியமான வரி அதுதான்.

நல்லா போனது: காரணத்தோடு எழுதுங்கள்

1ஆம் வரியும் 8ஆம் வரியும் இங்கே வரும். இரண்டையும் ஒரே மாதிரி எழுத முடியாது. "முன்பதிவுப் பக்கம் முடிந்தது" என்பது ஒரு விளைவு. அதை எழுதலாம், ஆனால் அடுத்த ஸ்பிரிண்டில் திரும்பச் செய்யக்கூடியது அதில் எதுவும் இல்லை. 8ஆம் வரியில் ஒரு செயலும் இருக்கிறது, அதன் பலனும் இருக்கிறது: முதல் நாளே ஒன்றாக டிசைன் பார்த்தார்கள், அதனால் மாற்றி வரையும் வேலை வரவில்லை. இதைச் சுருக்கி "டீம் வொர்க் சூப்பர்" என்று எழுதினால் அந்தத் திங்கட்கிழமைப் பழக்கம் குறிப்பிலிருந்தே காணாமல் போய்விடும். பலனையும் காரணத்தையும் சேர்த்து ஒரே வரியில் எழுதுவதுதான் சரி.

வலித்தது: ஆளை எடுத்துவிட்டு நிகழ்ச்சியை எழுதுங்கள்

3ஆம் வரியையும் 5ஆம் வரியையும் பாருங்கள். ஒருவர் "யாரும் பார்க்கல" என்கிறார். இன்னொருவர் "நீ அவ்வளவு பெரிசா போட்டே" என்கிறார். சண்டை மாதிரி தெரியும், ஆனால் இரண்டு பேரும் ஒரே வலியை இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். "சர்வர்காரர் பெரிய கோடு போட்டார்" என்று எழுதினால் அடுத்த ரெட்ரோவில் அவர் வாயே திறக்க மாட்டார். "திரைக்காரர் ரிவ்யூ செய்யவில்லை" என்றாலும் அதே கதைதான். நார்மன் கெர்த் 2001இல் ரெட்ரோவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அடிப்படை விதி வைத்தார்: அன்று தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து எல்லாரும் தங்களால் முடிந்ததைத்தான் செய்தார்கள் என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டும். குறிப்பு எழுதுபவருக்கும் அது பொருந்தும். எழுத வேண்டியது இப்படி: "900 வரி கொண்ட ஒரு புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூ இல்லாமல் காத்திருந்தது."

எத்தனை நாள் காத்திருந்தது? 4ஆம் வரி கேலி. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஆனால் இன்னொருவருக்கும் அது நீளமாகப் பட்டது என்று தெரிகிறது. எண்ணை கிட்ஹப்பில் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை. புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் திறந்த நேரமும் முதல் கருத்து வந்த நேரமும் இருக்கும். நம் உதாரணத்தில், திறந்தது முதல் வாரம் வெள்ளி மாலை, முதல் கருத்து வந்தது அடுத்த செவ்வாய் மாலை. நாலு நாள் சரிதான், ஆனால் நடுவில் சனியும் ஞாயிறும். வேலை நாள் கணக்கில் இரண்டுதான். இதைக் குறிப்பில் எழுதினால் யாரும் கோபப்படத் தேவையில்லை. சர்வர்காரர் சொன்னது பொய்யில்லை, திரைக்காரர் சோம்பேறியும் இல்லை.

அடுத்து வலிகளை வரிசையில் வையுங்கள். செவ்வாய் மாலை கருத்து வந்தது. அதற்கேற்ப மாற்றி மெர்ஜ் செய்யும்போது வியாழன் மதியம். திரைக்காரர் தன் பக்கத்தை அதோடு இணைத்தது வியாழன் மாலை. டெஸ்ட்காரருக்குக் கிடைத்தது வியாழன் ராத்திரி. ஆக 2ஆம் வரியும் 3ஆம் வரியும் இரண்டு வலி இல்லை. ஒன்று காரணம், மற்றொன்று அதன் விளைவு. தனித்தனியாக எழுதினால் குழு இரண்டுக்கும் தனித்தனி மருந்து தேடும். அதனால் ஒரே வரியாக எழுதுங்கள், நடுவில் "அதனால்" என்ற சொல்லோடு.

11ஆம் வரி, வைஃபை. வலித்தது உண்மை, ஆகவே எழுத வேண்டும். ஆனால் அது குழுவின் கையில் இல்லை. பக்கத்தில் "நம் கையில் இல்லை" என்று போட்டுவிட்டு நகருங்கள். வலித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒத்துக்கொண்டது: வினை முற்றைக் கவனியுங்கள்

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. நடக்க வேண்டியதைச் சொல்லும் வரிகளில் எது வெறும் ஆசை, எது வாக்கு? தமிழில் பேசும் குழுவுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வினைச்சொல்லின் கடைசிப் பகுதியே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

"பண்ணனும்" என்றால் தேவை. யார் செய்வார் என்று அதில் இல்லை. 6ஆம் வரி இந்த வகை. டெஸ்ட்காரர் "ஆமா, ஆமா" என்று தலையாட்டியதால் அது வாக்கு ஆகிவிடாது. இரண்டு பேர் ஆசைப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

"பண்ணலாம்", "வெச்சா நல்லா இருக்கும்" என்றால் யோசனை. 12ஆம் வரி டார்க் மோட் அப்படி. அது வேலை செய்யும் முறையைப் பற்றியதுகூட இல்லை, செயலியில் சேர்க்க வேண்டிய வசதியைப் பற்றியது. அதன் இடம் புராடக்ட் பேக்லாக். அங்கே ஒரு வரி போட்டுவிட்டு ரெட்ரோ குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

"பண்ணுவோம்" என்பது ஆபத்தானது. கேட்க வாக்கு மாதிரியே இருக்கும். எல்லாரும் செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள், கடைசியில் யாரும் செய்ய மாட்டார்கள். "நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். "நாங்க" என்றால் கேட்பவரைச் சேர்க்காத ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் யார் யார், அதில் பொறுப்பு யாருக்கு என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

"பண்றேன்" என்று முடிந்தால்தான் பொறுப்பாளர் இருக்கிறார். 13, 14, 15 மூன்றும் "-றேன்" என்று முடிகின்றன. செய்யப் போகிறவரே சொன்னவர்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. "பார்க்கறேன்", "ட்ரை பண்றேன்" இரண்டும் "-றேன்" என்றுதான் முடியும். ஆனால் நம் வீடுகளில் "பார்க்கறேன்" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? மரியாதையாகச் சொல்லும் "முடியாது" அது. 14ஆம் வரியில் இருப்பது "பார்க்கறேன்" இல்லை, "பார்த்துடறேன்". "பார்த்துவிடுகிறேன்" என்பதன் பேச்சு வடிவம். நடுவில் இருக்கும் அந்த "விடு", செய்து முடிப்பேன் என்று சொல்கிறது. பக்கத்திலேயே "ஒரு வேலை நாளுக்குள்ள" என்று கெடுவும் இருக்கிறது. அதனால் இது வாக்குதான். சந்தேகம் வந்தால் மட்டும் கேட்டுவிடுங்கள்: "அப்போ உங்க பேரைப் போடலாமா?" "போடு" என்றால் போடலாம். தயங்கினால் போடக் கூடாது.

9ஆம் வரிக்கு வருவோம்

போன ரெட்ரோ குறிப்பை எடுத்துப் பார்த்தால் இப்படி இருக்கிறது: "டெஸ்ட் டேட்டா ஃபைல் செய்வோம் – எல்லாரும்." அது ஏன் நடக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? யாரும் வேண்டுமென்றே விடவில்லை. யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் விலையை 10ஆம் வரி சொல்கிறது: ஒவ்வொரு சோதனைக்கும் கையால் 20 பதிவு. அது "வலித்தது" பக்கம் போகும்.

இந்த இடத்தில்தான் குறிப்பு எழுதுபவருக்கு ஆசை வரும். "பாவம் டெஸ்ட்காரர்தான் கஷ்டப்படுகிறார், அவர் பெயரையே பொறுப்பாளராகப் போட்டுவிடலாமே." போடாதீங்க. வலியைச் சொன்னவர் வேலையை ஏற்றுக்கொண்டவர் ஆகிவிட மாட்டார். அப்படிச் செய்தால் அடுத்த முறை வலியைச் சொல்லவே யோசிப்பார். ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது எல்லாரும் அமைதியாக இருந்தார்கள், அந்த அமைதியும் சம்மதம் இல்லை. பேசாததை நாம் எழுதக் கூடாது. நான்காவதாக ஒரு சின்னப் பெட்டி போட்டு அதில் எழுதுங்கள்: "முடிவாகவில்லை". கூட்டம் கலைவதற்குள் அதைத் திரும்ப மேஜையில் வையுங்கள்.

முடிந்த குறிப்பு

நல்லா போனது
- முதல் திங்கள் எல்லாரும் ஒன்றாக டிசைன் பார்த்ததால் எந்தப் பக்கத்தையும் மாற்றி வரைய வேண்டி வரவில்லை.
- முன்பதிவுப் பக்கம் டெமோவுக்கு முடிந்தது.

வலித்தது
- 900 வரி கொண்ட புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவுக்கு 4 நாள் (2 வேலை நாள்) காத்திருந்தது. அதனால் டெஸ்ட்டுக்கு வியாழன் இரவு மட்டுமே கிடைத்தது.
- டெஸ்ட் டேட்டா ஃபைல் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் 20 பதிவு கையால் போட வேண்டியிருந்தது. (போன ரெட்ரோவில் பேசியது, நடக்கவில்லை.)
- கேம்பஸ் வைஃபை 2 நாள் இல்லை. (நம் கையில் இல்லை.)

ஒத்துக்கொண்டது
- சர்வர்காரர்: 300 வரிக்கு மேல் போகும் புல் ரிக்வெஸ்ட்டைப் பிரித்துப் போடுவார். அடுத்த ஸ்பிரிண்ட் முழுவதும்.
- திரைக்காரர்: அவற்றுக்கு ஒரு வேலை நாளுக்குள் முதல் ரிவ்யூ தருவார். அடுத்த ஸ்பிரிண்ட் முழுவதும்.
- திரைக்காரர்: தன் பக்கத்தை இரண்டாவது வாரம் புதன் இரவுக்குள் டெஸ்ட்டுக்குக் கொடுப்பார்.

முடிவாகவில்லை
- டெஸ்ட் டேட்டா ஃபைல்: யார், எப்போது?

உங்கள் குறிப்பில் வேலைப் பெயருக்குப் பதிலாக ஆளின் பெயர் இருக்கும். ஒரு செயலுக்கு ஒரே ஒரு பெயர். 13ஐயும் 14ஐயும் "ரிவ்யூ விதி – இரண்டு பேரும்" என்று சேர்த்து எழுதாமல் பிரித்ததற்குக் காரணம் அதுதான். ஒருவர் செய்து மற்றவர் செய்யாவிட்டால் எது நின்றது என்று தெரிய வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு

பட்டியல் கையில் வந்ததும் செயல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். திரைக்காரர் புதன் இரவு கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அது அவர் கையில் மட்டும் இருக்கிறதா? போன முறை போலவே சர்வர்காரரின் கோடு வெள்ளி மாலை வந்தால், ஒரு வேலை நாளில் ரிவ்யூ என்பது திங்கள் மாலை. போன முறை மாற்றி மெர்ஜ் செய்ய எடுத்த அதே நேரம் எடுத்தால் புதன் மதியம். பக்கத்தை இணைக்க புதன் மாலை. கணக்கு சரியாக வருகிறது, ஆனால் மிச்சம் வைக்காமல் வருகிறது. ரிவ்யூ ஒரு நாள் தள்ளிப்போனால் மூன்றாவது வாக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். இதைக் குறிப்பின் அடியில் ஒரு வரியாக எழுதிவிட்டால், செவ்வாய்க்கிழமையே யாராவது கவனிப்பார்கள். சர்வர்காரர் வெள்ளிக்குப் பதிலாக வியாழனே போட முடியுமா என்று கேட்கவும் வழி பிறக்கும்.

பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றாவது பட்டியலைச் சத்தமாகப் படியுங்கள், அவரவர் பெயரோடு. புலனத்தில் அனுப்பிவிட்டு "ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்பது போதாது. அங்கே கட்டைவிரல் மட்டும்தான் வரும். நேரில் படிக்கும்போது "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்று ஒருவர் சொன்னால் குறிப்பு அப்போதே திருந்திவிடும். டெஸ்ட் டேட்டா பற்றிய வரியையும் அப்போது படியுங்கள். யாராவது "நான் செஞ்சுடறேன், செவ்வாய்க்குள்ள" என்றால் அதை மூன்றாவது பட்டியலுக்கு மாற்றலாம். யாரும் சொல்லாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். பொய்யான ஒரு பெயரைவிட நேர்மையான ஒரு காலியிடம் மேல்.

அடுத்த ரெட்ரோவை இந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்: நடந்ததா, இல்லையா. நடந்தும் டெஸ்ட்காரர் மறுபடி "வியாழன் ராத்திரிதான் கெடைச்சுது" என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, குழு விளைவுக்கு மருந்து போட்டிருக்கிறது என்று அர்த்தம். நடக்கவில்லை என்றால் முதலில் வினை முற்றைப் பாருங்கள். போன குறிப்பில் "-வோம்" ஒன்று ஒளிந்திருக்கலாம்.

பயிற்சி

கீழே உள்ள நான்கு வரிகளை நான்கு பெட்டிகளில் பிரித்துப் பாருங்கள். ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

1. "சர்வர் செலவு இந்த மாசம் கூடிடுச்சு. யாராச்சும் பார்க்கணும்."
2. "தினமும் காலைல 10 நிமிஷம் பேசினதால ஒரே வேலையை ரெண்டு பேர் செய்யற பிரச்சினை வரல."
3. "டாக்குமெண்ட் வேலைதானே, நான் பார்க்கறேன்."
4. "லாகின் டெஸ்ட்டை நான் திங்கட்கிழமைக்குள்ள எழுதிடறேன்."

ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: முதல் வரியில் இரண்டு வாக்கியம் இருக்கிறது, இரண்டும் ஒரே பெட்டிக்குப் போகாது. மூன்றாவது வரியைச் சொன்னவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.